பனை கேட்டால் பனைதான் வர வேண்டும்: சிறு டிசைன் குழுவுக்கு ஒரு பொதுப் பிரொம்ப்ட் தொகுப்பு

யாழ்ப்பாணத்தில் நாலைந்து பேர் வேலை செய்யும் ஒரு டிசைன் ஸ்டூடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். கலியாண அழைப்பிதழ், சாமத்தியவீட்டுப் பெனர், 31ஆம் நாள் கல்வெட்டு, பனம்பொருள் லேபல், கடைகளுக்கான பேஸ்புக் பதிவு என்று எல்லாம் கலந்த வேலை. படம் உருவாக்கும் ஏ.ஐ. கருவியை எல்லோரும் பாவிக்கிறார்கள். ஆனால் நன்றாக வந்த பிரொம்ப்ட் ஒவ்வொருவருடைய கணக்குக்குள்ளும் எங்கோ ஓர் அடியில் கிடக்கிறது. சிலர் அதை வட்ஸ்அப் குழுவில் போட்டு வைப்பார்கள். மூன்று மாதம் கழித்துத் தேடினால் ஒரே பிரொம்ப்டின் நாலு வடிவம் அகப்படும். அதில் எது கடைசி, எதற்கு என்ன படம் வந்தது, ஏன் மாற்றினார்கள் என்பது ஒன்றும் தெரியாது.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வாங்கத் தேவையில்லை. கூகிள் டிரைவில் ஒரு பொது போல்டரும் ஒரு ஷீட்டும் போதும். ஆனால் பிரொம்ப்டை மட்டும் எழுதி வைத்தால் அது தொகுப்பு ஆகாது. பிரொம்ப்ட், அது மாறிய கதை, அதனால் வந்த படங்கள் ஆகிய மூன்றும் ஒரே எண்ணின் கீழ் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றை விடத்தான் வேண்டும் என்றால், பிரொம்ப்டை விட்டாலும் பரவாயில்லை, படத்தை விடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். படத்தைப் பார்த்துப் பிரொம்ப்டை ஓரளவு திரும்ப எழுதிவிடலாம். பிரொம்ப்டைப் பார்த்து என்ன படம் வரும் என்று சொல்ல ஒருவராலும் முடியாது.

முதலில் இடமும் எண்ணும்

டிரைவில் ஒரு போல்டர் திறந்து, அதற்குள் வேலை வகைக்கு ஒரு போல்டர் வையுங்கள். கருவியின் பெயரால் பிரிக்காதீர்கள். கருவி அடுத்த வருடம் மாறிவிடும், லேபல் வேலை மாறாது. லேபல், பொதி வேலைக்கு PKG, அழைப்பிதழுக்கு INV, கல்வெட்டுக்கு KAL, சமூக ஊடகப் பதிவுக்கு SOC என்று மூன்று எழுத்துக் குறியீடு கொடுத்து, அதன் பின் 001, 002 என்று எண் போடலாம். ஒரு எண்ணை ஒரு தரம் கொடுத்தால் கொடுத்ததுதான். அந்தப் பிரொம்ப்டை இனிப் பாவிப்பதில்லை என்று முடிவெடுத்தாலும் அதே எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. பழைய வேலைக் கோப்புகளில் அந்த எண் எழுதப்பட்டிருக்கும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கூகிள் டொக், ஒரு படப் போல்டர். போல்டர் இப்படி இருக்கும்:

```
PKG-004/
  PKG-004 பனம்பொருள் லேபல்
  samples/
    v2_01.jpg
    v2_02_x.jpg
    v3_01.jpg
```

டொக்கில் முதல் வேலையாக Tools பட்டியலில் Preferences திறந்து, ஆங்கில மேற்கோள் குறியைத் தானாக வளைக்கும் வசதியையும், சொல்லின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். பிரொம்ப்ட் என்பது எழுதியபடியே திரும்ப ஒட்டப்பட வேண்டிய ஒன்று.

ஷீட் என்பது அட்டவணை மட்டுமே. எண், எந்த வேலைக்கு, எந்தக் கருவி, இப்போதைய பதிப்பு, நிலை, கடைசியாகச் சரிபார்த்த திகதி ஆகிய ஆறு நிரல்கள் போதும். பிரொம்ப்டின் முழு வரியையும் ஷீட்டுக்குள் போடாதீர்கள். போட்டால் ஆட்கள் ஷீட்டிலேயே அதைத் திருத்தத் தொடங்குவார்கள், அப்புறம் டொக்கில் ஒன்று, ஷீட்டில் ஒன்று என்று இரண்டு உண்மைகள் உலாவும்.

எதையெல்லாம் சேர்ப்பது? வாடிக்கையாளருக்குக் கொடுத்து முடித்த வேலையில் பாவித்ததும், மறுபடி தேவைப்படும் என்று தெரிந்ததும் மட்டும். ஒரு இடத்தில் பார்த்து, பிடித்துப்போன பிரொம்ப்டுகளை நூறு நூறாகக் கொண்டுவந்து கொட்டினால், ஒரு மாதத்தில் ஒருவரும் அந்தப் போல்டரைத் திறக்க மாட்டார்கள். ஐந்தாறு பதிவோடு தொடங்குவது நல்லது.

ஒரு பதிவை எழுதுவது

இனி ஒரு பதிவை எடுத்து முழுதாகப் பார்ப்போம். ஸ்டூடியோவில் ஏற்கெனவே PKG-003 என்று ஒன்று இருக்கிறது. தேங்காய் எண்ணெய்ப் போத்தல் லேபலுக்கு எழுதியது. முன்னால் பொருள், பின்னால் ஒரு மரம், மேல் மூன்றில் ஒரு பங்கு வெறுமை. கருவி மிட்ஜேர்னி. இது அதன் பிரொம்ப்ட்:

```
flat gouache illustration of PRODUCT_HERE on a plain
cream background, one tall palm tree behind it,
upper third of the picture empty
--ar 4:5 --v 6.1 --no text, letters
```

இதில் மாற வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. அதைப் பெரிய எழுத்தில், நடுவில் கோடு போட்டு எழுதியிருக்கிறோம். பலர் இந்த இடத்துக்கு சுருள் அடைப்புக்குறி போடுவார்கள். மிட்ஜேர்னியில் சுருள் அடைப்புக்குறிக்குத் தனி வேலை உண்டு. அதற்குள் கமா போட்டு எழுதினால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனிப் பிரொம்ப்டாகப் பிரித்து ஓட்டப் பார்க்கும். ஸ்டேபிள் டிஃபியூஷனைப் பாவிக்கும் சில செயலிகளில் வட்ட, சதுர அடைப்புக்குறிகள் ஒரு சொல்லின் பாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் பாவிக்கப்படுகின்றன. அதனால் எந்தக் கருவியிலும் அர்த்தம் இல்லாத ஒரு குறியே இடம் காட்டுவதற்குப் பாதுகாப்பு. மறந்துபோய் அப்படியே ஒட்டினாலும் கண்ணில் குத்தும்.

கடைசி வரியில் உள்ளவற்றையும் புதியவருக்கு ஒரு வரியில் விளக்கி வையுங்கள். `--ar 4:5` படத்தின் அகல உயர விகிதம். `--v 6.1` எந்த மொடல் என்பது. `--no` வேண்டாதவை. இங்கே எழுத்து வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வகை மொடல்கள் தமிழ் எழுத்தைச் சரியாக வரையும் என்று நம்ப முடியாது. கொம்பும் விசிறியும் கலந்த ஏதோ ஒன்று வரும், தூரத்தில் பார்த்தால் தமிழ் மாதிரித் தெரியும், கிட்டப் பார்த்தால் வாசிக்க முடியாது. மேல் பங்கை வெறுமையாக விடச் சொல்வது அதனால்தான். எழுத்தை இல்லஸ்ரேட்டரில் நாங்களே வைப்போம்.

பதிவில் இன்னும் இரண்டு வரி சேருங்கள். ஒன்று, எதற்கு ஆகாது என்பது. இன்னொன்று, அச்சில் எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்பது. 10 சென்ரிமீற்றர் அகலத்தை 300 டிபிஐயில் அடிக்க ஏறக்குறைய 1,180 பிக்சல் வேண்டும். லேபலுக்குச் சரி, அதே படத்தைச் சுவர் பெனருக்கு இழுக்க முடியாது என்பது இதைப் பார்த்தால் விளங்கும்.

பதிப்புக் குறிப்பு: பனையும் குட்டானும்

அடுத்த வேலை பனங்கட்டி லேபல். வேலையை எடுத்தவர் PKG-003ஐ எடுத்து, பொருளின் இடத்தில் பனங்கட்டியைப் போட்டு ஓட்டினார். வாடிக்கையாளர் அக்கா முதல் படத்தைப் பார்த்ததும் கேட்டது இதுதான்: "தம்பி, இது தென்னையெல்லோ?"

இங்கே முதல் கேள்வி, PKG-003ஐத் திருத்துவதா, புது எண் தொடங்குவதா? பழைய வடிவம் இன்னமும் ஒரு வேலைக்குத் தேவை என்றால் புது எண். தேங்காய் எண்ணெய் லேபல் மறுபடி வரும், அதற்குத் தென்னைதான் வேண்டும். எனவே PKG-004 என்று புதிதாகத் திறந்து, முதல் வரியில் "PKG-003 v1இலிருந்து பிரிந்தது" என்று எழுதிவிடலாம். பழைய வடிவத்தை இனி ஒருவரும் விரும்ப மாட்டார்கள் என்றால் மட்டும் அதே எண்ணில் அடுத்த பதிப்பு.

பதிப்புக் குறிப்பு எழுதும்போது ஒரு பதிப்புக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்தை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு "இப்போது நன்றாக வருகிறது" என்று எழுதினால், எது வேலை செய்தது என்பது ஒருவருக்கும் தெரியாது. அடுத்த முறை மூன்றையும் காவிக்கொண்டு திரிய வேண்டும். இன்னொன்று, ஓட்டிப் பார்த்த ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண் கொடுக்கத் தேவையில்லை. குழுவில் வேறொருவர் எடுத்துப் பாவிக்கக் கூடிய நிலை வந்தால் எண். வராமல் போன முயற்சிகள் "முயன்று விட்டது" என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக நிற்கும்.

PKG-004இன் குறிப்பு இப்படி வளர்ந்தது:

```
v1  மாற்றம்: palm tree -> palmyra palm
    ஏன்: தென்னை வந்தது
    பெறுபேறு: மரம் கறுப்பு, நேர். ஓலை இன்னும் தென்னை ஓலை
    முயன்று விட்டது: "not a coconut tree"
      -> நிலத்தில் தேங்காயும் வந்து கிடந்தது
v2  மாற்றம்: ஓலையின் வடிவத்தை விவரித்தது
    பெறுபேறு: பனை என்று சொல்லக்கூடியது.
      பொருள் சொக்லேட் கட்டி போல்
v3  மாற்றம்: பொருள் வரி, குட்டானின் தோற்றம்
    பெறுபேறு: லேபலுக்குப் போனது
```

இதில் கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் v1. இந்தக் கருவிகள் பழகியிருக்கும் படங்களில் தென்னையும் பேரீச்சையும் நிறைய, பனை அவ்வளவு இல்லை. பெயரைச் சொன்னதும் பாதி வந்தது, மிச்சப் பாதியை மொடல் தனக்குத் தெரிந்த மரத்தால் நிரப்பிக்கொண்டது. "தென்னை இல்லை" என்று வசனத்துக்குள் எழுதியபோது தேங்காய் கூடியதும் தற்செயல் இல்லை. படக் கருவிக்கு மறுப்புச் சொல் அவ்வளவாக ஏறாது. தேங்காய் என்ற சொல் கண்ணில் பட்டது, அதை வரைந்துவிட்டது. வேண்டாததை மிட்ஜேர்னியில் `--no` பகுதிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இந்த ஒரு வரி அந்தக் குறிப்பில் இருந்தால், புதிதாக வரும் பிள்ளை அதே வாசலில் போய் முட்டாது. என் அனுபவத்தில் ஒரு பதிவிலேயே அதிகம் வாசிக்கப்படுவது இந்த "முயன்று விட்டது" வரிகள்தான்.

v2இல் நடந்தது எளிமையானது. மொடலுக்குப் பெயர் சரியாகத் தெரியாவிட்டால் வடிவத்தைச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பனை என்றால் போதும். மொடலுக்கு, நேரான கரிய மரம், விசிறி போன்ற விறைத்த ஓலை, உருண்டையாக நிற்கும் தலை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தாவரவியல் பெயரையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் உதவும்.

v3 இதே பாடம்தான், பொருளுக்கு. பனங்கட்டிக் குட்டானை இந்த மொடல் கண்டதே இல்லை என்று வைத்துக்கொண்டு எழுத வேண்டும். "palm jaggery" என்றால் சீனிக் கட்டி, சொக்லேட், சில வேளை சவர்க்காரம் மாதிரியும் வரும். ஓலையால் பின்னிய சின்னக் கிண்ணம், அதற்குள் ஊற்றி இறுகிய கரும்பழுப்புக் கட்டி என்று எழுதிய பிறகே குட்டான் போல ஒன்று வந்தது. கூடை பெரிதாகிப் போகாமல் இருக்க, மூன்று கிண்ணம் ஒரு வரிசையில் என்று எண்ணிக்கையும் சொல்லியிருக்கிறது. இப்போதைய வடிவம்:

```
flat gouache illustration of three small cups woven
from dried palm leaf, each filled with hardened dark
brown sugar, plain cream background, one tall palmyra
palm behind, Borassus flabellifer, straight dark trunk,
stiff fan-shaped leaves in a round crown,
upper third of the picture empty
--ar 4:5 --v 6.1 --no text, letters, coconut
```

பார்த்தீர்களா, பொருள் வரி இப்போது இடம் காட்டும் குறி இல்லாமல் நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது. புழுக்கொடியலுக்கோ பனாட்டுக்கோ இதே பதிவை எடுப்பவர் "three small cups" தொடங்கி "brown sugar" வரை உள்ள பகுதியை மாற்றினால் போதும். அந்தச் சொற்களையும் அவரே வடிவம் சொல்லித்தான் எழுத வேண்டும் என்பதைக் குறிப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். மர வரிகளில் கைவைக்க வேண்டாம் என்பதையும்.

கூகிள் டிரைவே பழைய பதிப்புகளை வைத்திருக்கிறதே, பிறகு எதற்கு இந்தக் குறிப்பு என்று கேட்கலாம். டொக்கின் வரலாற்றில் யார் எப்போது எந்த எழுத்தை அழித்தார் என்பது இருக்கும். ஏன் அழித்தார் என்பது இருக்காது. அதோடு, டிரைவில் ஏற்றி வைத்த படம் போன்ற கோப்புகளின் பழைய வடிவங்கள், நீங்கள் வைத்திருக்கச் சொல்லித் தெரிவு செய்யாவிட்டால், 30 நாளுக்குப் பிறகோ 100 வடிவத்துக்கு மேல் போனாலோ அழிந்துவிடலாம்.

மாதிரிப் பெறுபேறுகளை எப்படி வைப்பது

எல்லோரும் செய்வது, வந்ததில் அழகான ஒன்றை எடுத்து வைப்பது. அது விளம்பரத்துக்குச் சரி, தொகுப்புக்கு உதவாது. புதியவர் அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் தானும் ஓட்டுவார், நாலில் இரண்டு கோணலாக வரும், தன்னில்தான் பிழை என்று நினைத்து நல்ல பிரொம்ப்டைக் கிண்டத் தொடங்குவார்.

அதனால் ஒவ்வொரு பதிப்புக்கும் தொடர்ச்சியாக இரண்டு ஓட்டம், அதாவது மிட்ஜேர்னியில் நாலு நாலாக எட்டுப் படம், தெரிவு செய்யாமல் வந்தபடியே வையுங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாதவற்றின் பெயரில் ஒரு `x` சேருங்கள். ஏன் ஆகாது என்பதை டொக்கில் மூன்று நாலு சொல்லில் எழுதுங்கள்: "இரண்டு மரம் வந்தது", "மேல் வெறுமை இல்லை", "குட்டானின் பின்னல் குழம்பியது". எட்டில் எத்தனை `x` என்று பார்த்தாலே அந்தப் பிரொம்ப்டுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். பாதி தேறினால் நல்ல பிரொம்ப்ட். எட்டில் ஒன்றுதான் தேறுகிறது என்றால் அதையும் வைத்திருக்கலாம், ஆனால் அவசர வேலைக்கு எடுக்கக் கூடாது என்று நிலையில் எழுதிவிடுங்கள்.

அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீளப்பக்கம் 1,024 பிக்சலுக்குச் சுருக்கிய ஜேபெக் சில நூறு கிலோபைட்தான் வரும். எட்டுப் படம் ஏறக்குறைய இரண்டு மெகாபைட். கூகிளின் இலவச 15 ஜிபியில் ஜிமெயிலும் பங்கு கேட்கும் என்றாலும், நூறு பதிவு வைத்தாலும் அது நிறையாது. அச்சுக்குப் போகும் பெரிய படம் அந்தந்த வேலையின் போல்டரில் இருக்கட்டும். இங்கே வேண்டியது பார்த்து விளங்குவதற்கான பிரதி மட்டுமே.

சீட் எண் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். சீட் என்பது படம் தொடங்கும் இரைச்சலைத் தீர்மானிக்கும் எண். ஸ்டேபிள் டிஃபியூஷனைச் சொந்தக் கணினியில் ஓட்டினால், அதே மொடல், அதே சீட், அதே அமைப்பு என்று எல்லாம் ஒத்துப்போகும்போது ஏறக்குறைய அதே படம் திரும்ப வரும். மிட்ஜேர்னியில் கிட்டத்தட்ட அதே போன்றது வரும், ஆனால் அதை நம்பி வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. உரையாடல் வடிவில் படம் தரும் சில கருவிகளில் பாவனையாளருக்குச் சீட் காட்டுவதே இல்லை. அப்படிப்பட்ட கருவிக்கு மாதிரிப் படமும் ஓட்டிய திகதியும்தான் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி.

ஸ்டேபிள் டிஃபியூஷன் பாவிப்பவர்களுக்கு ஒரு சின்னக் கூடுதல் தகவல். பரவலாகப் பாவிக்கப்படும் செயலிகள் பிரொம்ப்டையும் சீட்டையும் பிஎன்ஜி கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கின்றன. அந்தப் படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி, உள்ளே எழுதியிருந்தது போய்விடும். டொக்கியுமென்ட் ஆக அனுப்பினால் அப்படியே போகும். டிரைவில் நேரே ஏற்றுவது இன்னும் நல்லது.

எழுத்து வேலைக்கான பிரொம்ப்டுகள்

பேஸ்புக் பதிவுக்கு வரிகள் எழுத வைக்கும் பிரொம்ப்டும் இதே தொகுப்பில் வரலாம். முறை ஒன்றுதான், மாதிரிப் பெறுபேறு படத்துக்குப் பதிலாக வந்த வரிகள். இங்கே எங்களுக்கு வரும் பிரச்சினை வேறு. கருவி எழுதும் தமிழ் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பத்திரிகைத் தமிழ். பனங்கட்டிக்குக் கருப்பட்டி என்றும் பாடசாலைக்குப் பள்ளி என்றும் வரும். பிழை இல்லை, ஆனால் திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்துக் கடைக்காரர் அதைத் தன் பதிவாக ஏற்க மாட்டார். (நான் சொல்வது எங்கள் திருநெல்வேலி.) "இலங்கைத் தமிழில் எழுது" என்று மட்டும் சொன்னால் சில வேளை பேச்சுத் தமிழைப் போலி செய்து நாடக வசனம் மாதிரித் தந்துவிடும். மாற்ற வேண்டிய சொற்களைச் சோடி சோடியாகப் பிரொம்ப்டிலேயே கொடுப்பதுதான் நிலையாக வேலை செய்கிறது. அந்தச் சொல் பட்டியலைத் தனி டொக்காக வைத்து, எல்லா SOC பதிவுகளும் அதையே எடுக்கட்டும். ஒவ்வொரு பதிவுக்குள்ளும் தனித்தனியாக ஒட்டினால் பட்டியல் பத்தாகப் பிரிந்துவிடும்.

மொடல் மாறும்போது

எங்கள் பிரொம்ப்டில் `--v 6.1` என்று எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. அது இல்லாவிட்டால் மிட்ஜேர்னி அன்றைக்கு எது இயல்பு மொடலோ அதில் ஓட்டும். 6.1 வந்தது 2024 ஜூலையில். 2025 ஏப்ரலில் 7 வெளிவந்து, ஜூனில் அதுவே இயல்பு மொடல் ஆனது. மொடல் எண் எழுதாத பிரொம்ப்டுகள் எல்லாம் அன்றிலிருந்து வேறு மாதிரிப் படம் தரத் தொடங்கியிருக்கும், ஒரு எழுத்தும் மாறாமலே.

எண்ணை எழுதி வைத்தால் உடனே பயமில்லை. ஆனாலும் பழைய மொடல் என்றென்றும் இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. புது மொடல் வந்ததும் எல்லாப் பதிவையும் ஓட்டிப் பார்க்க நேரம் இருக்காது. அடிக்கடி பாவிப்பதில் ஐந்தை மட்டும் தெரிந்தெடுங்கள். ஒவ்வொன்றையும் மொடல் எண்ணை மட்டும் மாற்றி ஓட்டி, பழைய எட்டுப் படத்துக்குப் பக்கத்தில் புது எட்டை வைத்துப் பாருங்கள். PKG-004இல் பார்க்க வேண்டியது மூன்று: ஓலை விசிறியாக இருக்கிறதா, குட்டானின் பின்னல் தெரிகிறதா, மேல் வெறுமை இருக்கிறதா. மூன்றும் சரி என்றால் அது v4. ஒன்று தவறினாலும் v3தான் நடப்பில், புது மொடலில் என்ன தவறியது என்பது "முயன்று விட்டது" வரியில். அழகாக இருக்கிறது என்பதற்காகப் பதிப்பை மாற்றாதீர்கள். புது மொடல் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். ஏற்கெனவே மூன்று லேபல் அடித்த வாடிக்கையாளருக்கு நாலாவதும் அதே கைவண்ணத்தில் வர வேண்டும், அதுதான் கணக்கு.

மொடலைக் குறிப்பிட வசதியே தராத கருவியில், ஷீட்டின் "கடைசியாகச் சரிபார்த்த திகதி" நிரல்தான் எச்சரிக்கை மணி. அந்தத் திகதி மூன்று மாதத்துக்கு மேல் பழசு என்றால், வாடிக்கையாளருக்கு மாதிரியைக் காட்டும் முன் ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள்.

உள்ளே வரக் கூடாதவை

கல்வெட்டு வேலையில் இறந்தவரின் படம், பிள்ளைகளின் பெயர், வெளிநாட்டு முகவரி எல்லாம் கையில் இருக்கும். அவை பிரொம்ப்டுக்குள்ளும் வரக் கூடாது, மாதிரிப் படமாகவும் வரக் கூடாது. KAL பதிவுகளில் இருக்க வேண்டியது ஓர அலங்காரம், பின்னணி, பூ, விளக்கு போன்றவை மட்டும். இன்னும் வெளிவராத பொருளின் லேபல் என்றால் வேறு ஒரு கவனமும் வேண்டும். மிட்ஜேர்னியில் உருவாக்கும் படங்கள் சாதாரணமாக எல்லோர் கண்ணுக்கும் தெரியக் கூடியவை. மறைத்து வேலை செய்யும் வசதி ப்ரோ, மெகா ஆகிய பெரிய சந்தாக்களில்தான் உண்டு. சின்னச் சந்தாவில் இருப்பவர்கள் பொருளின் பெயரையோ கடையின் பெயரையோ பிரொம்ப்டில் எழுதாமல், தோற்றத்தை மட்டும் விவரித்து ஓட்டலாம்.

கோயில் வேலைக்கு ஒரு சொல். கோபுரச் சிற்பமும் சுவாமி படமும் இந்தக் கருவிகளுக்குச் சரிவராது. கை எண்ணிக்கை பிழைக்கும், ஆயுதம் மாறும், சிற்பங்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருக்கும். திருவிழா நோட்டீசில் அப்படி ஒன்று போனால் பேச்சு வாங்குவது அச்சகமும் நீங்களும்தான். அதற்குப் புகைப்படம்தான் வழி. இதையும் தொகுப்பில் ஒரு பதிவாகவே எழுதி, நிலையில் "ஆகாது" என்று போட்டு, இரண்டு கெட்ட மாதிரியையும் சேர்த்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு திருவிழாக் காலத்திலும் யாராவது ஒருவர் புதிதாக முயன்று பார்ப்பார்.

யார் திருத்துவது

எல்லோரும் வாசிக்கலாம், எல்லோரும் முயற்சி எழுதலாம், ஆனால் பதிப்பு எண்ணைக் கூட்டுவது ஒருவர் மட்டும். பெரிய பதவி ஒன்றுமில்லை, ஷீட்டைப் பார்த்துக்கொள்பவர், அவ்வளவுதான். மற்றவர்கள் டொக்கின் அடியில் "வரைவு" என்ற தலைப்பில் தங்கள் வடிவத்தையும் படத்தையும் வைப்பார்கள். அவர் வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை வேலை குறைவான நேரத்தில், வரைவுகளைத் தானே ஒரு தரம் ஓட்டிப் பார்ப்பார். எழுதியவருக்கு வந்தது அவருக்கும் வந்தால் எண் ஏறும். வராவிட்டால் எழுதியவரிடம் கேட்டால் பெரும்பாலும் விடுபட்ட ஏதோ ஒரு அமைப்பு வெளியே வரும். தன் கணக்கின் அமைப்பில் ஸ்டைலைஸ் அளவைக் கூட்டி வைத்துவிட்டு, அது பிரொம்ப்டில் இல்லை என்பதை மறந்திருப்பார். அதைப் பிரொம்ப்டின் கடைசி வரியில் `--s 250` என்பது போல எழுத்தில் கொண்டுவந்த பிறகே அது பொதுச் சொத்து.

இரண்டு பேர் ஒரே பதிவுக்கு இரண்டு வடிவம் கொண்டுவந்து எது நல்லது என்று வாதாடினால், பெயர் மறைத்து எட்டும் எட்டுமாகப் படங்களை மேசையில் வைத்து, `x` குறைவானதை எடுங்கள். மற்றது "முயன்று விட்டது" வரிக்குப் போகட்டும்.

புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாள் வேலையாக ஒரு பதிவைக் கொடுத்து, வாயால் ஒன்றும் சொல்லாமல் டொக்கை மட்டும் பார்த்து எட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அவர் எழும்பி வந்து "அண்ணா, இதில் சைஸ் என்ன போடுறது?" என்று கேட்டால், விடையைச் சொல்லிவிட்டு, அதே விடையை அந்த டொக்கில் அவரையே எழுத வையுங்கள்.